தனி விநியோக உரிமை: முழுதாக வாங்குவதா, இல்லாமல் தொடங்குவதா, படிப்படியாகப் பெறுவதா?

வெளிநாட்டுத் தயாரிப்பாளருடன் முதல் ஒப்பந்தம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சாம்பிள் பிடித்துவிட்டது, விலையும் ஒத்துவந்துவிட்டது. அப்புறம் ஒரு வரைவு வருகிறது: "உங்கள் நாட்டில் உங்களுக்கு மட்டும்தான் தருவோம். ஆனால் வருடத்துக்கு இத்தனை எண்ணிக்கை நீங்கள் எடுத்தாக வேண்டும்." அந்த எண்ணிக்கையைப் பார்த்தால் கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது. போடாமல் விட்டால், நாம் அலைந்து உருவாக்கிய சந்தையில் நாளை இன்னொருவர் அதே பொருளோடு வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம்.

இந்த நிலையில் வழிகள் மூன்று. முழு உரிமையை இப்போதே வாங்கலாம். உரிமையே இல்லாமல் சாதாரண வாடிக்கையாளராகத் தொடங்கலாம். அல்லது ஒரு சோதனைக் காலம் வைத்து, அதில் தேறினால் உரிமை தானாக வரும்படி எழுதலாம். மூன்றையும் ஒரே உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம்.

நீங்கள் சிறிய மின்மோட்டார் பம்ப் இறக்குமதி செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்ளையர் கேட்பது 3 வருட ஒப்பந்தம்: முதல் வருடம் 12,000, அடுத்து 15,000, அதற்கடுத்து 18,000. சரக்கு ஒரு லாட்டுக்கு 3,000 வீதம் வரும். தயாரிக்க 6 வாரம், கப்பலில் வந்து சேர 4 வாரம்.

## எதை வைத்து அளப்பது

விலையையும் உரிமையையும் மட்டும் ஒப்பிட்டால் முழு உரிமைதான் எப்போதும் ஜெயிக்கும். நான் பார்ப்பது வேறு நான்கு கேள்விகளை.

முதலாவது, குறைந்தபட்ச எண்ணிக்கை எட்டாவிட்டால் என்ன நடக்கும். இரண்டாவது, ஒரு லாட் தரமில்லாமல் வந்தால் அந்த நஷ்டமும் தாமதமும் யார் தலையில் விழும். மூன்றாவது, பிரியும் நாளில் கையில் என்ன மிஞ்சும். நான்காவது, இந்தப் பொருளுக்காக மட்டும் நீங்கள் போடும் பணம் எவ்வளவு: அரசு அனுமதி, சோதனைச் சான்றிதழ், டீலர்களுக்கான பயிற்சி, உதிரி பாக ஸ்டாக். உறவு முறிந்தால் அந்தப் பணம் வேறு எதற்கும் உதவாது.

உரிமை, தரம், வெளியேற்றம் மூன்றும் ஒப்பந்தத்தில் வெவ்வேறு பிரிவுகளாக இருப்பதால் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். ஆனால் உங்கள் உரிமையின் மதிப்பு எவ்வளவு என்பதை மற்ற இரண்டு பிரிவுகள்தான் தீர்மானிக்கின்றன. இதை முதல் வழியிலேயே பார்த்துவிடலாம்.

## வழி 1: முழு உரிமை, குறைந்தபட்ச எண்ணிக்கையோடு

முதல் வருடம் 12,000 என்றால் நான்கு லாட். இரண்டாவது லாட் சோதனையில் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுச் சரக்கு தயாராகி வந்து சேர 10 வாரம். அதே தொழிற்சாலை வரிசையில்தான் அடுத்த லாட்டும் தயாராக வேண்டும் என்பதால் அதுவும் பின்னால் தள்ளிப்போகிறது. வருடம் முடியும்போது நீங்கள் பெற்றுக்கொண்டது 9,000. இப்போது சப்ளையர் ஒப்பந்தத்தைத் திறந்து, "எண்ணிக்கை எட்டவில்லை, உரிமை ரத்து" என்கிறார். தவறு செய்தது அவர், தண்டனை உங்களுக்கு.

வரைவில் "டெலிவரி எடுத்த அளவு" என்றோ "பணம் செலுத்திய அளவு" என்றோ இருந்தால் இதுதான் நடக்கும். அதை "ஆர்டர் கொடுத்த அளவு" என்று மாற்றுங்கள். நிராகரிக்கப்பட்ட லாட்டும், சப்ளையரால் தாமதமான லாட்டும், அவர் ஏற்க மறுத்த ஆர்டரும் உங்கள் எண்ணிக்கையில் சேரும் என்று ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். நான் பார்த்த வரைவுகளில் இந்த வரி தானாக வந்ததே இல்லை. கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் இதை மறுக்க நியாயமான காரணம் சொல்ல முடியாது.

அடுத்து, எண்ணிக்கை எட்டாததற்கு என்ன பரிகாரம் என்று பாருங்கள். மூன்று விதமாக எழுதுவார்கள். எட்டாமல் விடுபட்ட எண்ணிக்கைக்கான பணத்தைக் கட்டு என்பது ஒன்று. ஒப்பந்தமே முடிந்தது என்பது இன்னொன்று. உரிமை மட்டும் போகும், சாதாரண வாடிக்கையாளராகத் தொடரலாம் என்பது மூன்றாவது. மூன்றாவதை வாங்குங்கள், அதுவே ஒரே பரிகாரம் என்றும் எழுத வையுங்கள். "ஒரே பரிகாரம்" என்ற சொல் இல்லாவிட்டால் உரிமையையும் இழந்து நஷ்ட ஈட்டு வழக்கையும் சந்திக்க நேரலாம். முதல் விதத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்கு எந்தப் புதுப் பொருளின் விற்பனையையும் யாரும் முன்கூட்டியே கணிக்க முடியாது என்பது என் கருத்து.

உரிமை எதற்கு என்பதிலும் ஓட்டை இருக்கும். மாடல் எண்ணைச் சொல்லி உரிமை கொடுத்தால், அதே பம்ப்பை வேறு நிறத்தில், வேறு எண்ணில் இன்னொருவருக்கு விற்க முடியும். "இந்த மோட்டார் உடலையும் இந்தத் திறன் வரம்பையும் கொண்ட எல்லா மாடல்களும், எந்தப் பிராண்டில் வந்தாலும்" என்று பொருளை விவரித்து எழுத வேண்டும். சப்ளையரின் சொந்த ஆன்லைன் விற்பனையும் இதில் அடங்குமா என்பதையும் தெளிவாக்குங்கள்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. பக்கத்து நாட்டு விநியோகஸ்தரிடம் வாங்கி உங்கள் சந்தைக்குள் கொண்டுவருபவரைச் சப்ளையரால் எப்போதும் தடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்டப்படி, ஒரு விநியோகஸ்தர் மற்றவரின் பகுதியில் தானாகத் தேடிப்போய் விற்பதைத் தடுக்கலாம். வாடிக்கையாளர் தானாக வந்து கேட்டால் விற்பதைத் தடுக்கக் கூடாது. ஆகவே "யாரும் விற்க மாட்டார்கள்" என்ற வாக்குறுதியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். "நான் நேரடியாக விற்க மாட்டேன், அங்கே வேறு யாரையும் நியமிக்க மாட்டேன், அங்கிருந்து வரும் விசாரணைகளை உங்களுக்கு அனுப்புவேன்" என்ற அளவுதான் சப்ளையர் உண்மையாகக் காப்பாற்றக்கூடிய வாக்கு.

மறைந்த செலவு இங்கே இன்னொன்றும் உண்டு. உங்களுக்குக் கிடைக்கும் தனி உரிமைக்கு ஈடாக, போட்டிப் பொருளை நீங்கள் விற்கக் கூடாது என்றும் கேட்பார்கள். அதை ஒப்புக்கொண்டால், தரம் கெட்டுப்போகும் நாளில் ஓடிப்போய் நிற்க வேறு சப்ளையர் இருக்க மாட்டார். அப்படியே ஒப்புக்கொண்டாலும், இரண்டு லாட் தோற்றால் அந்தத் தடை நீங்கும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி எப்போது சரி? அனுமதிக்கும் சான்றிதழுக்கும் பெரிய செலவு முதலிலேயே ஆகும் பொருளுக்கு. அல்லது இந்தச் சப்ளையரின் சரக்கை நீங்களே ஒரு வருடமாவது விற்றுப் பார்த்திருந்தால்.

## வழி 2: உரிமை இல்லாமல் தொடங்குவது

எண்ணிக்கைக் கட்டாயம் இல்லை. ஆர்டர் கொடுக்கும் அளவுக்கு வாங்கலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். வெளியேறும் செலவு ஏறக்குறைய கையில் உள்ள ஸ்டாக் மட்டும்தான்.

ஆனால் சந்தையை அறிமுகப்படுத்துபவர் நீங்கள் என்றால், விளம்பரமும் டீலர் பயிற்சியும் உங்கள் செலவில் நடக்கும். அதன் பலனை இரண்டாவதாக வருபவர் செலவில்லாமல் எடுத்துக்கொள்வார், அதனால் உங்களைவிடக் குறைவாக விலை வைப்பார். தரத்தில் உங்கள் பேச்சு எடுபடுவதும் குறையும். சிறிய வாடிக்கையாளரின் புகாருக்குத் தொழிற்சாலை வரிசையை நிறுத்த மாட்டார்கள்.

இதைச் சற்றுத் தணிக்க இரண்டு சிறிய கோரிக்கைகள் போதும்: நீங்கள் எழுத்தில் பதிவு செய்த பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சப்ளையர் நேரடியாக விலை கொடுக்கக் கூடாது, வேறு ஒருவருக்கு உரிமை கொடுக்க முடிவு செய்தால் முதலில் உங்களிடம் 30 நாள் முன்பே கேட்க வேண்டும். ஏற்கெனவே பெயர் பெற்ற, அறிமுகம் தேவைப்படாத பொருளுக்கும், நீங்கள் விற்கும் பல பொருள்களில் இது ஒன்று என்ற நிலைக்கும் இந்த வழி பொருந்தும்.

## வழி 3: படிப்படியாக

சோதனைக் காலம் 12 மாதம். அந்தக் காலத்தில் சப்ளையர் உங்கள் பகுதியில் வேறு யாரையும் நியமிக்க மாட்டார். நீங்கள் எண்ணிக்கை எதற்கும் கட்டுப்பட மாட்டீர்கள். குறிப்பிட்ட நிபந்தனை நிறைவேறினால் தனி உரிமை தானாகத் தொடங்கும்.

இந்தத் "தானாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. "சோதனைக் காலம் முடிந்ததும் இரு தரப்பும் நல்லெண்ணத்துடன் பேசி முடிவு செய்யும்" என்று எழுதினால் உங்களிடம் ஒன்றும் இல்லை என்று பொருள். ஆங்கிலேயச் சட்டத்தில், நல்லெண்ணத்துடன் பேச ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டை நீதிமன்றம் அமலாக்காது என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1992ல் தீர்ப்பளித்தது. பல ஒப்பந்தங்கள் அந்தச் சட்டத்தையே தேர்ந்தெடுக்கின்றன என்பதால் இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. நிபந்தனை, எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்: "12 மாதத்துக்குள் 6,000 பம்ப் ஆர்டர் செய்து, உரிய நாளில் பணம் கட்டியிருந்தால், 13வது மாதத்தின் முதல் நாளிலிருந்து இணைப்பில் உள்ள தனி உரிமைப் பிரிவு நடைமுறைக்கு வரும்." அந்த இணைப்பையும் முதல் நாளே முழுதாக எழுதி, கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் காலத்தில் கிடைத்த உண்மையான விற்பனையை வைத்து அடுத்த வருட எண்ணிக்கை அமையும்படி, உதாரணமாக "முந்தைய வருட ஆர்டரில் 110 சதவீதம்" என்று, சூத்திரமாகவே எழுதிவிடலாம்.

இதன் மறைந்த செலவு நேரமும் விலையும்தான். சோதனை ஆர்டர் சிறியதாக இருப்பதால் ஒரு பம்ப்பின் விலை சற்று கூடும். ஒரு வருடம் முழுதும், உரிமை வருமா என்று தெரியாத நிலையில் டீலர்களிடம் பேச வேண்டியிருக்கும். சப்ளையரும் இந்த யோசனையை எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டார். நியமிக்காமல் காத்திருப்பதற்கு ஈடாக அவர் முதல் லாட்டுக்கு முழு முன்பணம் கேட்கலாம். எனக்கு அது நியாயமான பேரமாகவே தோன்றுகிறது, இன்ஸ்பெக்ஷன் அறிக்கை வந்த பிறகே பாக்கிப் பணம் என்ற விதி இரண்டாவது லாட்டிலிருந்து வருமானால்.

## எந்த வழியானாலும்: தரம்

"நல்ல தரம்", "ஏற்றுமதித் தரம்" என்ற சொற்களுக்கு அளவு கிடையாது. வழக்கமாகப் பயன்படுவது ஐஎஸ்ஓ 2859-1 என்ற மாதிரிச் சோதனை முறை. 3,000 பம்ப் உள்ள லாட்டில், வழக்கமான இரண்டாம் நிலை சோதனைக்கு 125 எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகளுக்கு ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க தர வரம்பு, 2.5 என்று ஒப்புக்கொண்டிருந்தால், 7 குறை வரை லாட் தேறும். 8 வந்தால் தோற்கும்.

பலர் 2.5 என்றால் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் குறை வராது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உண்மையில் 5 சதவீதம் குறையுள்ள லாட், இந்தச் சோதனையில் பத்தில் ஏழு முறை தேறிவிடும். அதாவது 150 கெட்ட பம்ப் உங்கள் கிடங்குக்கு வந்து சேரும், அறிக்கை "தேறியது" என்று சொல்லும். 5 சதவீதம் உங்களுக்குத் தாங்காது என்றால் பெரிய குறைகளுக்கு 1.0 கேளுங்கள். அதே 125 சாம்பிளில் 3 வரை தேறும், 4 வந்தால் தோற்கும். மின்சாரம் உடலில் ஏறுவது போன்ற ஆபத்துக் குறைகளுக்கு ஒன்றுகூட அனுமதி இல்லை என்று தனியாக எழுத வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, முதல் சில லாட்டுகள் நன்றாக வந்து பிறகு மெல்ல மட்டமாவது. பம்ப் விஷயத்தில் அது பெரும்பாலும் சுருளில் தெரியும்: செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம், அல்லது மேலே செம்பு பூசிய அலுமினியம். வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது, சோதனை மேசையில் பம்ப் ஓடும், வெயில் காலத்தில் தொடர்ந்து ஓடும்போது சூடேறி எரியும். கண்டுபிடிக்க எளிய வழி எடை பார்ப்பது. அலுமினியம் மிகவும் இலகு. சந்தேகம் வந்தால் கம்பி முனையை நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறமாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதனால் ஒப்பந்தத்தில் பாகங்களின் பட்டியலை இணைத்து, எழுத்து அனுமதி இல்லாமல் எந்தப் பாகமும் மாறாது என்று எழுதுங்கள். லாட்டுக்கு மூன்று மோட்டாரைத் திறந்து பார்க்கும் உரிமையும், முதல் சாம்பிளில் இரண்டை முத்திரையிட்டு இரு தரப்பும் வைத்துக்கொள்வதும் கட்டாயம்.

லாட் தேறியதா தோற்றதா என்பதை ஏற்றுமதிக்கு முன் சோதிக்கும் சுதந்திர நிறுவனத்தின் அறிக்கையே முடிவு செய்யும், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும். தோற்ற லாட்டின் மறுசோதனைச் செலவு சப்ளையருடையது. புகார் காலமும் உங்கள் கையால் எழுதப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் வியன்னா சர்வதேச விற்பனை உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருந்து, ஒப்பந்தம் அதை விலக்காவிட்டால், அது தானாகவே பொருந்தும். அதன்படி குறை தெரிந்ததும் "நியாயமான காலத்துக்குள்" சொல்ல வேண்டும், அதிகபட்சம் சரக்கு கைக்கு வந்ததிலிருந்து 2 வருடம். நியாயமான காலம் எது என்று பிறகு வாதாடுவதைவிட, கண்ணுக்குத் தெரியும் குறைக்கு 15 நாள், உள்ளே மறைந்த குறைக்கு 18 மாதம் என்று இப்போதே போட்டுக்கொள்வது நல்லது.

## எந்த வழியானாலும்: பிரிவது

பிரியும் முன் அறிவிப்புக் காலத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 30 நாள் என்று அச்சடித்த வரைவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உங்கள் பம்ப் கணக்குக்கு 10 வாரம் சரக்கு வர, வந்ததை விற்க இன்னும் 3 மாதம். சேர்த்தால் ஐந்தரை மாதம். ஆகவே 6 மாதத்துக்குக் குறைந்த அறிவிப்பு உங்களுக்குப் போதாது. அறிவிப்புக்கு முன் ஏற்ற ஆர்டர்கள் அனுப்பப்பட வேண்டும். அறிவிப்புக் காலத்திலும் தனி உரிமை தொடர வேண்டும்.

பிறகு ஸ்டாக். விற்காத நல்ல சரக்கை நீங்கள் செலவழித்த விலைக்குச் சப்ளையர் திரும்ப வாங்குவார், அல்லது 6 மாதம் நீங்களே விற்றுக்கொள்ளலாம் என்று இரண்டில் ஒன்று. வாடிக்கையாளருக்கு 2 வருட உத்தரவாதம் கொடுத்திருந்தால், பிரிந்த பிறகு 3 வருடம் உதிரி பாகம் தர வேண்டும்.

அரசு அனுமதி யார் பெயரில் என்பது பலரும் தாமதமாக உணரும் விஷயம். தயாரிப்பாளர் பெயரில் நீங்கள் செலவழித்து எடுத்தால், அடுத்த விநியோகஸ்தர் அதே அனுமதியோடு தொடங்குவார். அப்படித்தான் வர வேண்டும் என்றால், பிரியும்போது தேய்மானம் கழித்த செலவைத் திருப்பித் தரும்படி எழுதுங்கள். மறுபுறம், தயாரிப்பாளரின் பிராண்டை உங்கள் பெயரில் பதிவு செய்யாதீர்கள். அதைப் பிடியாக வைத்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு; நம்பிக்கை உடைந்து, பெரும்பாலும் வழக்கில் முடிகிறது.

சில நாடுகளில் சட்டமே இதில் தலையிடும். பெல்ஜியத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டமாக வந்து, இப்போது பொருளாதாரச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்ட விதி, காலவரையற்ற தனி விநியோக ஒப்பந்தத்தை முறிக்கும் சப்ளையர் நியாயமான அறிவிப்பையோ ஈட்டையோ தர வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஏதும் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே எந்த நாட்டுச் சட்டம் என்ற வரியை ஒப்புக்கொள்ளுங்கள்.

தகராறுக்கு நடுவர் மன்றம் போடுங்கள். ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை மற்ற நாட்டில் அமலாக்குவது கடினம். நடுவர் தீர்ப்புக்கு 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை உண்டு, அதில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. செலவு அதிகம் என்பதால் லாட் தகராறுகள் அங்கே போகாதபடி மேலே சொன்ன இன்ஸ்பெக்ஷன் விதி காப்பாற்றும்.

## ஒரு பார்வையில்

| கேள்வி | முழு உரிமை | உரிமை இல்லாமல் | படிப்படியாக |
|---|---|---|---|
| எண்ணிக்கை எட்டாவிட்டால் | உரிமை போகும், சில வரைவுகளில் பணமும் | பிரச்சினை இல்லை | முதல் வருடம் பிரச்சினை இல்லை, பிறகு உண்டு |
| லாட் தோற்றால் | எண்ணிக்கை விதி எழுதாவிட்டால் இரட்டை அடி | அந்த ஆர்டரோடு முடியும், பேச்சு வலு குறைவு | சோதனைக் காலத்தில் தெரிந்துவிடும் |
| பிரியும்போது | நீண்ட அறிவிப்பு, ஸ்டாக், உதிரி பாகம் பேச வேண்டும் | ஸ்டாக் மட்டும் | முதல் வருடம் எளிது |
| முடங்கும் பணம் | அதிகம், ஆனால் பாதுகாப்பும் உண்டு | குறைவு, பாதுகாப்பு இல்லை | நடுத்தரம் |

## பம்ப் கணக்கில் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

படிப்படியாக. 12,000 என்ற எண் சப்ளையரின் விருப்பம். அதை உறுதிசெய்யும் விற்பனைப் பதிவு உங்களிடம் இல்லை. செம்புச் சுருள் அலுமினியமாகிறதா என்று தெரிய மூன்று லாட்டாவது பார்க்க வேண்டும், அதற்கு ஒரு வருடம் தேவை. ஒரே விலக்கு: அரசு அனுமதிச் செலவு முதல் வருட லாபத்தைவிட அதிகமென்றால், உரிமை இல்லாத 12 மாதம் உங்களுக்குத் தாங்காது. அப்போது முழு உரிமையைக் கேளுங்கள், ஆனால் 3 வருடமும் மாறாத 12,000 என்றும், நிராகரித்த லாட் எண்ணிக்கையில் சேரும் என்றும், உரிமை இழப்பே ஒரே பரிகாரம் என்றும் மாற்றிக்கொண்டு.

பேசும் வரிசையும் முக்கியம். முதலில் தரப் பிரிவை முடியுங்கள். அதில் சப்ளையர் எவ்வளவு தயங்குகிறார் என்பதே அவர் தொழிற்சாலையைப் பற்றி நிறைய சொல்லிவிடும். அடுத்து வெளியேறும் பிரிவு. இன்னும் யாருக்கும் கோபம் வராத நேரத்தில்தான் அதை நிதானமாகப் பேச முடியும். உரிமையும் எண்ணிக்கையும் கடைசியில். முன்பணத்தை அதற்குப் பிறகே அனுப்புங்கள்.